சேரின் படம், வேறொருவரின் எண்: யாழ்ப்பாணத்து அலுவலகம் ஒன்றில் நடந்த வவுச்சர் மோசடி

யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதிப் பக்கம் இருக்கிற ஒரு தனியார் நிறுவனத்தின் கிளை அது. தலைமையகம் கொழும்பில், இங்கே பத்துப் பன்னிரண்டு பேர். அங்கே கணக்கு எழுதுகிற இளம் பெண்ணிடமிருந்து ஒரே பின்னேரத்தில் 68,000 ரூபாய் போய்விட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு 185,000 ரூபாய் போக இருந்து, பக்கத்து மேசையில் இருந்த ஒருவர் கேட்ட ஒரு கேள்வியால் தப்பியது. சின்ன அலுவலகங்களுக்குக் கணினி வேலை பார்த்துக் கொடுக்கிறவன் என்பதால் அடுத்த நாள் காலை என்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளை உரையாடலில் ஒரு வரியைக்கூட அழிக்காமல் வைத்திருந்ததால் நடந்ததை நிமிடக் கணக்கில் பார்க்க முடிந்தது. அவளுடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியக்கூடிய விஷயங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

முதல் செய்தி பின்னேரம் 2.50க்கு வட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. புது எண், +94 என்று தொடங்கும் உள்ளூர் எண்தான். படம் நிறுவனத்தின் பணிப்பாளருடையது, பெயரும் அவருடையதுதான். ஆங்கிலத்தில் ஒரே வரி: அலுவலகத்தில் இருக்கிறீர்களா? அவள் உடனே "யெஸ் சேர்" என்று போட்டிருக்கிறாள். அடுத்தது, நான் ஒரு கூட்டத்தில் இருக்கிறேன், அழைப்பு எடுக்க முடியாது, எழுதினால் போதும், இது என்னுடைய வேறு எண், ஒரு சின்ன வேலையை உடனே செய்து தர வேண்டும், மற்றவர்களுக்கு இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். பணிப்பாளர் அன்று உண்மையிலேயே கொழும்பில் ஒரு ஹோட்டலில் நடந்த மாநாட்டில் இருந்தார். காலையில் அந்த மேடையைப் படம் எடுத்துத் தன்னுடைய முகநூலில் எல்லாரும் பார்க்கும்படி போட்டிருந்தார். மாநாட்டில் இருப்பதை அந்தப் பிள்ளையும் பார்த்திருந்தாள், மோசடிக்காரனும் பார்த்திருந்தான். அதனால் "கூட்டத்தில் இருக்கிறேன்" என்ற சொல் அவளுக்கு அச்சொட்டாகப் பொருந்திவிட்டது.

வேலை என்னவென்றால், வாடிக்கையாளர்கள் சிலருக்குப் பரிசு வவுச்சர் கொடுக்க வேண்டும், அவள் தன் காசில் வாங்கினால் நாளைக்குக் காலை பற்றுச்சீட்டைப் பார்த்துத் திருப்பித் தரப்படும். இங்கே அவள் சொன்ன பதில்தான் முழு உரையாடலிலும் எனக்கு முக்கியமாகப் பட்டது. "சேர், ஆஸ்பத்திரி வீதியில இருக்கிற சுப்பர் மார்க்கெட்டில வவுச்சர் வாங்கி ட்ரைவர் அண்ணையிட்டக் குடுத்து விடவா?" என்று கேட்டிருக்கிறாள். உண்மையான முதலாளிக்கு இதைவிட நல்ல யோசனை கிடையாது. மறுபக்கம் இருந்தவன் வேண்டாம் என்றான். அவர்கள் வெளிநாட்டு விருந்தினர், காகித வவுச்சர் சரிவராது, ஒன்லைனில் வாங்கும் டொலர் கிஃப்ட் கார்ட்தான் வேண்டும், அட்டை தேவையில்லை, கோட் மட்டும் அனுப்பினால் போதும்.

காகித வவுச்சரைக் காசாளரிடம் கையில் கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு ஆள் கடைக்கு நேரில் வர வேண்டும், கடையில் கமரா இருக்கும். கோட் அப்படியில்லை. அந்த எழுத்தும் இலக்கமும்தான் காசு. யார் முதலில் தட்டுகிறாரோ அவருக்குச் சொந்தம். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் தட்டலாம், குறைந்த விலைக்கு இன்னொருவருக்கு விற்கலாம், ரீலோட் கார்ட் இலக்கமும் இதே சாதிதான். ஆகவே "பொருள் வேண்டாம், அதன் மேலிருக்கிற இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு" என்று ஒருவர் கேட்கும் இடத்திலேயே, கேட்பவர் யாராக இருந்தாலும், கையை நிறுத்திவிடலாம்.

அவள் நிறுத்தவில்லை. 3.20க்குத் தன்னுடைய சம்பளக் கணக்கின் டெபிட் கார்டால் 50 டொலர் கார்ட் நான்கு வாங்கினாள். விற்கிற தளத்தின் கட்டணத்தோடு ஒன்று 17,000 ரூபாய், ஆக 68,000. ஓடிபி வந்தது, போட்டாள். கோட்கள் மின்னஞ்சலில் வந்தன, 3.42க்கு ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பினாள். "மிக நன்றி" என்று பதில் வந்தது, எட்டு நிமிடத்தில் அடுத்த வேலையும் வந்தது: ஒரு வழங்குநருக்கு 185,000 ரூபாய் இன்றைக்கே போக வேண்டும், நிறுவனக் கணக்கிலிருந்து அனுப்பு, கணக்கிலக்கம் இது. கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது.

நிறுவனக் கணக்கில் ஒருவர் தனியாகக் காசு அனுப்ப முடியாது. ஒருவர் விவரத்தைப் பதிய வேண்டும், இன்னொருவர் தன்னுடைய லொகினில் போய் அனுமதிக்க வேண்டும். அவள் பதிந்துவிட்டு, அனுமதிக்கிற மூத்த கணக்கு உத்தியோகத்தரிடம் போய், "அக்கா, சேர் அவசரமாம், ஒருக்கா அப்ரூவ் பண்ணிவிடுங்கோ" என்றாள். அந்த அக்கா கைபேசியை வாங்கி மேலிருந்து கீழே வாசித்துவிட்டு, "பிள்ளை, சேர் உனக்கு எப்பவாவது முழு இங்கிலீஷில எழுதினவரோ?" என்று கேட்டார். அந்தப் பணிப்பாளர் தமிழை ஆங்கில எழுத்தில் அரைகுறையாகத் தட்டுகிறவர், அதுவும் இரண்டு சொல்லுக்கு மேல் எழுதப் பஞ்சிப்பட்டுக் குரல் பதிவுதான் அனுப்புவார். அக்கா கொழும்பு அலுவலகத்து லான்ட்லைனுக்கு எடுத்தார். ரிசப்ஷனில் இருந்தவர் பணிப்பாளருடன் போயிருந்த சாரதிக்கு எடுத்தார், சாரதி கைபேசியை மண்டபத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்தார். ஏழெட்டு நிமிடத்தில் விஷயம் வெளியே வந்துவிட்டது. கோட்களைச் சோதித்துப் பார்த்தபோது நாலும் பாவிக்கப்பட்டிருந்தன.

இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறுவனக் கணக்கிலிருந்து போக வேண்டிய காசு நின்றது, ஏனென்றால் வழியில் இரண்டாவது ஆள் இருந்தார். அவளுடைய சொந்தக் காசு போனது, ஏனென்றால் அந்த வழியில் அவளைத் தவிர யாரும் இல்லை. "உன் காசில் வாங்கு, நாளைக்குத் தருகிறேன்" என்று தொடங்குவது அதற்காகத்தான். அலுவலகம் எத்தனை பூட்டுப் போட்டு வைத்திருந்தாலும் ஊழியரின் சொந்தக் கார்டுக்கு அந்தப் பூட்டு இல்லை. ரகசியம் காக்கச் சொல்வதும் அதே காரணத்துக்குத்தான், பக்கத்து மேசைக்குத் தெரிந்தால் கேள்வி வரும்.

படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரத்தில் குத்துவிளக்கின் ஒரு தட்டும் யாரோ ஒருவரின் சேலைக் கரையும் அரைவாசியாக வெட்டுப்பட்டிருந்தன. நிறுவனத்தின் முகநூல் பக்கத்தில் தேடினால், கிளை ஒன்றின் திறப்பு விழாவில் எல்லாரும் வரிசையாக நின்று எடுத்த படம் கிடைத்தது, அதிலிருந்து அவருடைய முகத்தை மட்டும் வெட்டியிருக்கிறான். அவருடைய உண்மையான வட்ஸ்அப் கணக்கில் இருப்பது கோயில் கோபுரப் படம். அந்தப் பிள்ளையின் கைபேசியில் அந்த உண்மையான எண் சேமிக்கப்பட்டும் இருந்தது. அதாவது ஒரே ஆளுக்கு இரண்டு உரையாடல், பழையதில் அவர் அனுப்பிய குரல் பதிவுகள், புதியதில் சேமிக்காத வெறும் எண்ணும், அதற்கு அந்தக் கணக்குக்காரன் தானே வைத்துக்கொண்ட பெயரும். வட்ஸ்அப்பில் யாரும் எந்தப் பெயரும் எந்தப் படமும் போடலாம், சரிபார்க்கப்படுவது எண் மட்டும்தான். செய்தி வந்ததும் மேலே தொட்டு விவரப் பக்கத்தைத் திறந்தால், அந்த எண் உங்களுடைய தொடர்புகளில் இல்லை, பொதுவான குழு எதுவும் இல்லை என்பது தெரியும். பணிப்பாளர் என்றால் அலுவலகக் குழுவில் இருக்க வேண்டுமே.

சிலர் படத்தைக் கூகிளில் போட்டுத் தேடிப் பார்க்கச் சொல்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் காதல், வேலை என்று வரும்போது அது உதவும், யாரோ ஒரு மொடலின் படம் என்று தெரிந்துவிடும். இங்கே அது ஏமாற்றத்தைக் கூட்டத்தான் செய்யும். படம் உண்மையில் அவருடையதுதான், தேடினால் நிறுவனத்தின் பக்கமே வந்து நிற்கும், பார்த்தவருக்கு நம்பிக்கை இன்னும் கூடும். எண்ணுக்குப் பெயர் காட்டுகிற செயலிகளையும் இந்த விஷயத்தில் நம்ப வேண்டாம், அந்தப் பெயர்கள் பெரும்பாலும் பாவனையாளர்கள் சேமித்து வைத்ததிலிருந்து வருபவை. உள்ளூர் எண் என்பதும் சாட்சி இல்லை, இன்னொருவரின் பெயரில் எடுத்த சிம் வைத்திருப்பது பெரிய வேலையில்லை.

அவள் ஏன் ஒரு அழைப்பு எடுக்கவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள், கொஞ்சம் குத்தலாகவே கேட்டார்கள். நான் தனியாகக் கேட்டபோது அவள் சொன்னது: "சேர் கூட்டத்தில இருக்கிறன் எண்டு சொன்னாப் பிறகு நான் எப்பிடி எடுக்கிறது? நம்பாமல் எடுத்தனீரோ எண்டு கேட்டா நான் என்ன சொல்றது?" வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான், இன்னும் நிரந்தரமாகவில்லை. நம்முடைய அலுவலகங்களை அறிந்தவர்களுக்கு இந்தப் பயம் விளங்கும். மேலே இருப்பவரிடம் "இது நீங்கள்தானா?" என்று கேட்பது மரியாதைக் குறைவாக எடுக்கப்படும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், பல இடங்களில் அது உண்மையும்கூட. இந்த மோசடி பிடித்துத் தொங்குவது அந்த இடத்தில்தான். புதிதாகச் சேர்ந்தவரைத் தேர்ந்தெடுத்ததும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. நிறுவனத்தின் பக்கத்தில் "எங்கள் குடும்பத்தில் புதிதாக இணைந்தவர்கள்" என்று அவளுடைய படமும் பதவியும் போடப்பட்டிருந்தன, அவளுடைய எண்ணோ விலைக்கோரல் விளம்பரம் ஒன்றில் தொடர்புக்கு என்று கொடுக்கப்பட்டிருந்தது.

சரி, எப்படி உறுதிப்படுத்துவது. செய்தி வருவதற்கு முன்பே உங்களிடம் இருந்த ஒரு வழியால், நீங்களாகத் தொடர்புகொள்ள வேண்டும். அந்தச் செய்தியிலேயே வந்த எண், அவர்கள் கொடுக்கிற "செயலாளரின் எண்", அவர்களே எடுக்கிற அழைப்பு, இவை ஒன்றும் சேராது. அழைப்பில் அவருடைய குரல் கேட்டது, வீடியோவில் அவருடைய முகம் தெரிந்தது என்பதும் இப்போது போதாது. அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹொங்கொங் அலுவலகத்தில் ஒரு ஊழியர், தலைமை நிதி அதிகாரியும் சக ஊழியர்களும் இருந்த வீடியோக் கூட்டத்தைப் பார்த்து நம்பி 200 மில்லியன் ஹொங்கொங் டொலர் அனுப்பிவிட்டார், அந்தக் கூட்டத்தில் இருந்த முகங்கள் எல்லாம் போலி. 2024இல் வெளியே வந்த விஷயம். அவருக்கும் முதலில் வந்த மின்னஞ்சலில் சந்தேகம் இருந்தது, வீடியோவைப் பார்த்ததும் அது போய்விட்டது. அவராக ஒரு அழைப்பைத் திருப்பி எடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

எடுக்கும்போது வட்ஸ்அப் அழைப்பாக எடுக்காமல் சாதாரண அழைப்பாக எடுங்கள். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தச் சம்பவத்தில் எண் புதிது, அதனால் உண்மையான எண்ணுக்கு எப்படி எடுத்திருந்தாலும் பிடிபட்டிருக்கும். ஆனால் இன்னொரு வகை இருக்கிறது: அதிகாரியின் உண்மையான வட்ஸ்அப் கணக்கையே, அவருக்கு வந்த ஆறு இலக்கக் கோட்டைக் கேட்டு வாங்கிக் கைப்பற்றிவிடுவார்கள். அப்போது எண் சரி, பழைய குழுக்களும் சரி, எல்லாம் சரியாகவே இருக்கும், வட்ஸ்அப் அழைப்பு எடுத்தால் கள்ளனிடம்தான் போகும். சாதாரண அழைப்பு சிம்முக்குப் போகும், சிம் அவருடைய கையில் இருக்கும். மிகச் சில வேளைகளில் அவரை ஏமாற்றி அழைப்புகளையும் வேறு எண்ணுக்குத் திருப்பி வைத்திருப்பார்கள். அந்தச் சந்தேகம் வந்தால் அவருடைய கைபேசியில் `*#21#` என்று அழுத்தினால் எல்லா அழைப்புகளும் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று காட்டும், `##002#` எல்லாத் திருப்பல்களையும் நீக்கும். அவரைப் பிடிக்கவே முடியவில்லை என்றால் அக்கா செய்ததுதான் வழி: லான்ட்லைன், ரிசப்ஷன், சாரதி, வீட்டுக்காரர், யாராவது ஒரு மூன்றாவது ஆள் மூலம் அவரிடம் போய்ச் சேர்வது. அதுவரை காசு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். கூட்டம் முடிந்து அவர் வெளியே வரும் வரைக்கும் காத்திருந்ததால் எந்த வாடிக்கையாளரும் ஓடிப்போவதில்லை.

அழைப்பு எடுக்க முடியாத நேரத்தில் ஒரு பொய்க் கேள்வி போட்டுப் பார்க்கலாம். "சேர், நேற்று நீங்கள் தந்துவிட்டுப் போன சிவப்பு ஃபைலையும் சேர்த்து அனுப்பவா?" என்று, அப்படி ஒரு ஃபைலே இல்லாதபோது கேட்டால், கள்ளன் பெரும்பாலும் "ஓம், பிறகு பார்ப்போம், முதலில் இதை முடி" என்பான். இதில் ஒரு பக்கத்தை மட்டும் நம்பலாம்: மாட்டுப்பட்டால் கள்ளன்தான், மாட்டுப்படாவிட்டால் அவர்தான் என்று முடிவு கட்டக்கூடாது. மனைவி பெயர், பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் மாதிரிக் கேள்விகள் வீண், அதெல்லாம் முகநூலில் கிடக்கிறது.

காசு போன பிறகு செய்ய வேண்டியதில் வரிசை முக்கியம், ஏனென்றால் முதல் அரை மணித்தியாலத்தில்தான் ஏதாவது மிஞ்சும். கார்டால் வாங்கியிருந்தால் விற்ற தளத்துக்கு எடுத்து, இன்னும் பாவிக்காத கோட் இருந்தால் நிறுத்த முடியுமா என்று கேட்க வேண்டும். வங்கிக்கு அனுப்பியிருந்தால் உங்கள் வங்கியின் 24 மணி நேர இலக்கத்துக்கு எடுத்து, போன கணக்கை முடக்கும்படி அந்த வங்கிக்கு அறிவிக்கச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குக் காசு உடனேயே போய்விடுகிறது. போய்ச் சேரும் கணக்கு அநேகமாக ஏதோ ஒரு அப்பாவி கமிஷனுக்காகக் கொடுத்து வைத்த கணக்கு, அங்கிருந்து ஏடிஎம்மில் எடுக்கும் வரைதான் அவகாசம். அந்தப் பிள்ளையின் விஷயத்தில் கார்ட் கொடுப்பனவை மீளப் பெற வங்கியில் விண்ணப்பித்தார்கள், நிராகரிக்கப்பட்டது. ஓடிபி போட்டு அவளே வாங்கியிருக்கிறாள், வாங்கிய பொருளும் அவளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது, வங்கியின் பார்வையில் அதில் பிழை இல்லை. சட்டப்படி அது சரியாக இருக்கலாம், ஆனால் ஒரு மாதச் சம்பளத்தை விடக் கூடிய தொகை அது.

உரையாடலை அழிப்பதற்கு முன், தடை செய்வதற்கும் முன், எண் தெரியும்படி விவரப் பக்கத்தையும் முழு உரையாடலையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். அதன் பிறகு வட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்தால் கடைசிச் சில செய்திகள் அந்த நிறுவனத்துக்குப் போகும். இலங்கை கணினி அவசர நடவடிக்கைக் குழுவுக்கு 101 என்ற இலக்கத்தில் சொல்லலாம், பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு போட்டுப் பிரதியை வாங்கி வைக்க வேண்டும், வங்கி கேட்கும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இங்கே இருக்கிறது. ஆனாலும் காசு திரும்ப வரும் என்று யாருக்கும் நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். இந்த எண் இரண்டு நாளில் நின்றது, அதே திறப்பு விழாப் படத்தோடு வேறொரு எண்ணிலிருந்து கொழும்பு அலுவலகத்தில் இன்னொருவருக்குச் செய்தி வந்தது.

68,000 ரூபாயையும் நிறுவனமே ஏற்றது. அது சரியான முடிவு என்று அன்றே சொன்னேன், இன்றைக்கும் அதுதான் என் நிலைப்பாடு. கேள்வி கேட்க ஒரு வழி செய்து கொடுக்காமல் விட்டது நிறுவனம், தண்டனையை அவள் சுமப்பது நியாயமில்லை. அதைவிடப் பெரிய வேலை ஒன்று பணிப்பாளர் செய்தார். அடுத்த கிழமை யாழ்ப்பாணம் வந்து எல்லாரையும் கூட்டி வைத்து, வட்ஸ்அப்பில் நான் காசு கேட்டால் அது நான் இல்லை, புது எண்ணிலிருந்து நான் எழுதினால் பழைய எண்ணுக்கு எடுங்கள், புது வங்கிக் கணக்கு என்றால் ஃபைலில் இருக்கிற பழைய எண்ணுக்கு எடுத்து வழங்குநரிடம் கேளுங்கள், "என்னைத் திருப்பி எடுத்துக் கேட்டதுக்கு நான் ஒருத்தரையும் ஏசமாட்டன், கேக்காமல் அனுப்பினாத்தான் ஏசுவன்" என்றார். சொந்தக் காசில் அலுவலகச் செலவு செய்வதையும் நிறுத்திவிட்டார்கள், சின்னச் செலவுக்குச் சில்லறைக் காசுப் பெட்டி இருக்கிறது, அதற்கு மேல் போனால் இரண்டு கையெழுத்து.

இது சொல்லோடு நிற்கவில்லை. பிறகு ஒரு முறை அவர் சிங்கப்பூர் போயிருந்தபோது அங்கே எடுத்த சிம்மிலிருந்து உண்மையாகவே அவளுக்கு எழுதினார், ஒரு பட்டியலை அனுப்பச் சொல்லி. காசு விஷயம்கூட இல்லை. அவள் பதில் போடாமல் கொழும்பு ரிசப்ஷனுக்கு எடுத்தாள், அவர்கள் அவருடைய ஹோட்டலுக்கு எடுத்து உறுதிப்படுத்தினார்கள், பட்டியல் போக முக்கால் மணித்தியாலம் பிந்தியது. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

தனியார் நிறுவனத்தில் முதலாளி வருடக் கணக்காக ஒரே ஆள், எண் எல்லாரிடமும் இருக்கும். அரச அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் நிலைமை வேறு. பிரதேச செயலாளர், வலயக் கல்விப் பணிப்பாளர், அதிபர் என்று இடமாற்றத்தில் ஒருவர் புதிதாக வரும்போது அவருடைய எண் கீழே இருப்பவர்களிடம் இருக்காது, முகம் மட்டும் கடமையேற்ற நிகழ்வுப் படத்தில் முகநூல் முழுக்கச் சுற்றும். "நான் புதிதாக வந்திருக்கிற பணிப்பாளர், இது என் எண்" என்று யாரும் எழுதலாம், ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய எண் எதுவும் இல்லை. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது, அப்படி எழுதி வந்தால் 021இல் தொடங்கும் அலுவலக லான்ட்லைனுக்கு எடுத்து நிர்வாக உத்தியோகத்தரிடம் கேளுங்கள். நிர்வாக உத்தியோகத்தர்களிடம் கேட்பது, புதியவர் கடமையேற்கிற அன்றைக்கே அவருடைய அலுவலக எண்ணை உங்கள் கையால் கிளைகளுக்கும் பாடசாலைகளுக்கும் கடிதத்தில் அனுப்பிவிடுங்கள், விழாப் படம் முகநூலுக்குப் போவதற்கு முன்.